மேசைக்கு வந்த மாதிரியும் சாக்கில் இருக்கும் கோப்பியும்

எல்கடுவயில் இன்று கண்ணுக்குப் படுவது தேயிலைதான். மாத்தளையிலிருந்தும் வத்தேகமயிலிருந்தும் ஏறிவரும் பாதைகளின் இருபக்கமும் தேயிலை மலைகள். கோப்பியைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுத் தோட்டங்களுக்குள் போகவேண்டும். மிளகுக்கொடி ஏறிய மரத்துக்கும் கராம்பு மரத்துக்கும் இடையில் நாலைந்து செடி நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே மலைகளில் கோப்பிதான் ராஜா. மன்னாரில் கரையிறங்கி வடக்குப் பாதையால் காடு கடந்து நடந்துவந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மலைநாட்டில் முதலில் கால்வைத்த நகரங்களில் ஒன்று மாத்தளை. 1869இல் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டு அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழில் சரிந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பி வீட்டு வேலிக்குள் ஒதுங்கியது.

அந்தக் காலச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு இரண்டு விலை இருந்தது. துரைமார் தோட்டங்களில் பழத்தின் தோலை உரித்துக் கழுவி உலர்த்தியது தோட்டக் கோப்பி. கிராமத்தவர் பழத்தோடு முற்றத்தில் காயவைத்து இடித்து எடுத்தது நாட்டுக் கோப்பி. அதற்கு எப்போதும் குறைந்த விலை. இரண்டையும் பிரித்தது கொட்டையின் நிறம், பருமன், மணம் ஆகியவைதான். கொள்வனவுக்கு முன் கோப்பியைச் சிறு அளவில் வறுத்து, கோப்பையில் ஊற்றி, வாயில் வைத்துப் பார்ப்பது வணிகப் பழக்கமானது பின்னால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோத் தரகர்களிடமும் ஹில்ஸ் பிரதர்ஸ் போன்ற வறுவல் நிறுவனங்களிடமும் அது வேரூன்றியது என்பார்கள். இலங்கைக் கோப்பியின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது. ஆக, மாத்தளைக் கோப்பி கோப்பையின் தீர்ப்புக்கு உட்படாமலே ஒரு நூற்றாண்டைக் கழித்த கோப்பி.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. திணைக்களம் பரிந்துரைத்த லக்பரகும் என்ற அரபிக்கா இனம் மலைப்பகுதிகளில் நடப்படுகிறது. கொழும்பிலும் கண்டியிலும் உள்ளூர்க் கோப்பியை வறுத்து விற்கும் சிறு கடைகள் வந்துவிட்டன. மாதம் நூறு, இருநூறு கிலோ வறுக்கும் ஒருவரிடம் மூன்று நான்கு பேர் பச்சைக் கொட்டையின் மாதிரியை ஒரு பொலித்தீன் பையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர் ஆளுக்கு நூறு கிராமை வறுத்து, கப்பிங் மேசையில் வைத்து, எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எவ்வளவு நம்பலாம்?

கப்பிங் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி சுவைக் குறிப்புகளைப் பற்றியது: மல்லிகை, தோடம்பழம், கருப்பட்டி. சிறு வறுவல்காரருக்கு அது இரண்டாம் வேலை என்பது என் கருத்து. அவருடைய மேசை முதலில் ‘வேண்டாம்’ சொல்லப் பழக வேண்டும். பெரிய நிறுவனம் ஒரு கெட்ட லொட்டை நூறு லொட்டுக்குள் கலந்து கரைத்துவிடும். வருடத்துக்கு ஐந்தாறு லொட் மட்டுமே வாங்குபவருக்கு ஒரு கெட்ட லொட் என்றால் இரண்டு மூன்று மாத வியாபாரம் போய்விடும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன்: ஒரு லொட்டில் கெடுதல் இருந்தால், இந்தச் சிறு மேசையில் அது அகப்படுமா?

அகப்படாமல் போக முதல் வழி, மாதிரியே. தோட்டக் கோப்பி என்றால் ஒரே நிலம், ஒரே உலர்த்தும் களம். மாத்தளை வீட்டுத் தோட்டக் கோப்பி அப்படியல்ல. முந்நூறு கிலோ லொட் ஒன்றுக்குப் பின்னால் முப்பது நாற்பது வீடுகள் இருக்கலாம். ஒருவர் சிவந்த பழத்தை மட்டும் பறித்திருப்பார். இன்னொருவர் பச்சையும் சிவப்புமாகக் கிளையை உருவியிருப்பார். ஒரு வீட்டில் பாயில் காய்ந்தது, இன்னொரு வீட்டில் மண் முற்றத்தில். பழம் பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட ஆண்டென்றால் மூன்றாவது வீட்டில் அடுப்புக்கு மேல் பரணில் புகையோடு காய்ந்திருக்கும். இந்த எல்லாக் கோப்பியும் ஆறு சாக்குக்குள் போகிறது. சாக்கின் வாயைத் திறந்து மேலாக ஒரு கை அள்ளித் தந்ததைத்தான் மாதிரி என்கிறோம்.

அரிசி, நிலக்கடலை வியாபாரத்தில் சாக்கைப் பிரிக்காமல் குத்தி உள்ளிருந்து தானியம் எடுக்கும் குத்தூசியே இதற்கும் சரியான கருவி. ஆறு சாக்கென்றால் ஆறையும் குத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இடம். எடுத்த எல்லாவற்றையும் உடனே ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சாக்குவாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரை மணி நேரம் வைத்து, திறந்தவுடன் மூக்கை வைத்துப் பாருங்கள். பூஞ்சணம், புகை, மண்ணெண்ணெய், பழைய மிளகுச் சாக்கின் வாசம் எல்லாம் வறுப்பதற்கு முன்பே பச்சைக் கொட்டையில் தெரியும். ஒரு சாக்கு மட்டும் மாறி மணத்தால் அதைத் தனியாக வறுக்க வேண்டும். கலந்த மாதிரியில் அந்தச் சாக்கு ஆறில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். கோப்பையில் ‘ஏதோ சற்று மங்கல்’ என்று மட்டும் தெரியும். லொட்டை வாங்கிய பின் அந்தச் சாக்கைத் திறக்கும் நாளில்தான் முழுதாகத் தெரியும்.

வறுக்குமுன் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று ஈரம்: பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 வீதம் இருந்தால் நல்லது. 13ஐத் தாண்டினால் இன்று கோப்பை நன்றாக இருந்தாலும் களஞ்சியத்தில் இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் உண்டு. கப்பிங்கால் இந்த எதிர்காலத்தைச் சொல்ல முடியாது, ஈரமானிதான் சொல்லும். இரண்டாவது, கொட்டைகளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பது. சர்வதேசத் தரப்படுத்தலில் இதற்கு 350 கிராம் எடுப்பார்கள். கறுத்த கொட்டை, புளித்துச் சிவந்த கொட்டை, துளைப்பான் பூச்சி போட்ட ஊசித்துளை ஆகியவற்றோடு, மாத்தளையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று கலப்பு. அரபிக்காக் கொட்டை நீண்டது, நடுக்கோடு வளைந்தது. ரொபஸ்டா உருண்டையானது, கோடு பெரும்பாலும் நேரானது. வீட்டுத் தோட்டத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் ‘அரபிக்கா’ என்று வரும் பையில் ரொபஸ்டா கிடப்பது சாதாரணம். இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்காது, ஒரே நேரத்தில் சிவக்காது. அப்படி ஒரு கலவையை வறுத்துச் சுவைத்துப் புள்ளி போடுவதில் பொருளில்லை. முதலில் விலையைப் பேசுங்கள்.

இனி வறுவல். மாதிரி வறுவலின் நோக்கம் நல்ல கோப்பி தயாரிப்பதல்ல. வறுத்தவரின் கை தெரியாமல் கொட்டையைப் பேசவைப்பது. ஸ்பெஷல்டி கோப்பிச் சங்கத்தின் பழைய விதிமுறை எட்டு முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இளம் வறுவலில் முடிக்கச் சொல்கிறது. வறுத்தபின் குறைந்தது எட்டு மணி நேரம் ஆறவிட்டு, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சுவைத்துவிட வேண்டும். நடைமுறையில் முதல் வெடிப்பு தொடங்கி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் இறக்குவது வழக்கம். அதற்கு முன் இறக்கினால் வேகாத பச்சைப்பட்டாணி வாசமும் உதட்டை இழுக்கும் புளிப்பும் கோப்பையில் வரும்; அதை லொட்டின் குறை என்று எழுதிவிடுவோம். பிந்தி இறக்கினால் கருகல் கசப்பு எல்லா லொட்டையும் ஒரேபோல ஆக்கிவிடும். உண்மையான கெடுதல் கூட அதற்குள் ஒளிந்துகொள்ளும். நம் ஊர்க் கோப்பித்தூளைக் கறுக்க வறுப்பதும் அதில் மல்லியும் சுக்கும் சேர்ப்பதும் ருசிக்காக மட்டும் வந்த பழக்கமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

எதை வைத்து எல்லா லொட்டையும் ஒரே பதத்தில் நிறுத்துவது? பலர் எடையிழப்பை நம்புகிறார்கள்: 100 கிராம் போட்டு 87 கிராம் வந்தால் 13 வீத இழப்பு, எல்லாவற்றையும் 13இல் நிறுத்தினால் சமம் என்று. ஈரம் சமமாக இருந்தால்தான் இது சரி. 11 வீத ஈரமுள்ள லொட்டில் 100 கிராமுக்கு 89 கிராம் உலர்பொருள். வறுத்தபின் 87 கிராம். அதில் இரண்டு வீதம் ஈரம் மிஞ்சியிருப்பதாகக் கொண்டால் உலர்பொருள் 85 கிராம் சொச்சம். அதாவது உலர்பொருளில் ஏறத்தாழ நான்கு வீதம் போயிருக்கிறது. 13 வீத ஈரமுள்ள லொட்டில் உலர்பொருள் 87 கிராம்தான். அதிலும் அதே நான்கு வீதம் போக வேண்டுமானால் மொத்த எடையிழப்பு 15 வீதத்துக்குக் கிட்ட வரவேண்டும். இரண்டையும் 13இல் நிறுத்தினால் ஈரமான லொட் இளவறுவலாக நின்றுவிடும்; கோப்பையில் அது புளிப்பாகவும் புல் வாசமாகவும் தோன்றி, மற்றதிடம் அநியாயமாகத் தோற்கும். வீட்டுத் தோட்ட லொட்டுகள்தாம் பெரும்பாலும் ஈரம் கூடியவை என்பதால் இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது.

நிறத்தை வைத்துச் சமப்படுத்துவதே நம்பத்தகுந்தது. அதையும் முழுக் கொட்டையின் நிறத்தை வைத்துச் செய்யக்கூடாது, அரைத்த தூளின் நிறத்தை வைத்துச் செய்ய வேண்டும். வெளித்தோல் சிவந்து உள்ளே வேகாமல் இருப்பதை முழுக் கொட்டை காட்டிக்கொடுக்காது. நிறமானி விலை கூடிய சாமான். அது இல்லாதவர் ஒவ்வொரு லொட்டிலும் ஒரு தேக்கரண்டி தூளை வெள்ளைத் தாளில் அருகருகே கொட்டி, இன்னொரு தாளால் அழுத்தித் தட்டையாக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம். இரண்டு தூளுக்கிடையில் கோடு தெரிந்தால் வறுவல் சமமில்லை. ஒன்றைத் திரும்ப வறுக்க வேண்டும். இதற்காகவே விற்பவரிடம் நூறு கிராம் அல்ல, ஐந்நூறு கிராமாவது கேட்க வேண்டும். மூன்று வறுவலுக்கும், தட்டில் பரப்பிப் பார்க்கவும், பின்னால் ஒப்பிட ஒதுக்கி வைக்கவும் அது வேண்டும்.

எதில் வறுப்பது என்பதில் நான் அதிகம் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். ஐம்பது, நூறு கிராம் வறுக்கும் இக்காவா, ரோஸ்ட் போன்ற மின் கருவிகள் ஒரே வளைகோட்டைத் திரும்பத் திரும்பத் தரும். அது பெரிய வசதி. சோளப்பொரி இயந்திரம் நாலைந்து நிமிடத்தில் அவசரப்படுத்தி வறுக்கும். ஆனாலும் எல்லா லொட்டையும் அதே அவசரத்தில் வறுத்தால் ஒப்பிடலாம். தாச்சியில் வறுப்பது மட்டும் வேறு கதை. ஒரு கொட்டை கருகியும் பக்கத்துக் கொட்டை வெளிறியும் இருக்கும். பூஞ்சணமும் மருந்து வாசமும் அதிலும் தெரியும். அதற்கு மேல் எதையும் அந்தக் கோப்பையில் தேடக்கூடாது. பதினைந்து கிலோ டிரம்மில் நூற்றைம்பது கிராமைப் போட்டு வறுப்பதும் தாச்சிக்குச் சமம்.

வறுத்துக் கொட்டியவுடன் தட்டில் சில கொட்டை வெளிறிய மஞ்சளாகவே நிற்கும். பழுக்காத காயிலிருந்து வந்தவை அவை. சர்க்கரை போதாததால் சிவக்காது. கடித்தால் காய்ந்த கடலைத்தோல், நனைந்த கடதாசி போன்ற சுவை. கிளையை உருவிப் பறித்த லொட்டை இதைவிடச் சுலபமாக வேறெதுவும் காட்டிக்கொடுக்காது. பச்சைக் கொட்டையில் இவை கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. இவற்றைப் பொறுக்கிவிட்டுச் சுவைப்பதா, வைத்துச் சுவைப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நூறு கிராமில் எத்தனை என்று எண்ணிக் குறித்துவிட்டு, உள்ளேயே வைத்துச் சுவைக்கும் கட்சி நான். நாளைக்கு ஐம்பது கிலோ வறுக்கும்போது ஆள் போட்டுப் பொறுக்கப் போவதில்லை என்றால், இன்று மாதிரியில் மட்டும் பொறுக்குவது நம்மை நாமே ஏமாற்றுவது. பொறுக்கத்தான் போகிறோம் என்றால் அது கூலிக் கணக்கில் வரவேண்டும்.

மேசையில் என்ன நடக்கிறது என்பதை எல்கடுவ ஆட்களுக்கு விளக்குவது சுலபம். தேயிலைத் தொழிற்சாலையில் சுவைக்கிற மேசையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வரிசையாகக் கோப்பை, அளந்த தூள், அளந்த நேரம், உறிஞ்சி வாய் முழுக்கப் பரப்பித் துப்புவது எல்லாம் அங்கும் உண்டு. தேயிலைக்கு நூறு மில்லிலீற்றருக்கு இரண்டு கிராம், ஆறு நிமிடம் என்பது சர்வதேச அளவு. பிறகு இலையை வடித்துவிடுவார்கள். கோப்பிக்கு 150 மில்லிலீற்றருக்கு 8.25 கிராம், நீர் 93 பாகை செல்சியஸ் அளவில், தூளை வடிப்பதில்லை. நான்கு நிமிடத்தில் மேலே மிதக்கும் தூள் மேலோட்டைக் கரண்டியின் முதுகால் மூன்று தடவை தள்ளி உடைக்கும்போது மூக்கு கோப்பைக்கு மேல் இருக்க வேண்டும். கெட்ட கோப்பை தன்னைக் காட்டிக்கொடுக்கும் முதல் இடம் அதுதான். பிறகு நுரையை வழித்து எடுத்துவிட்டு, எட்டு பத்து நிமிடம் பொறுத்து, 70 பாகையளவில் முதல் உறிஞ்சல். ஆற ஆற மீண்டும் மீண்டும். சூட்டில் எல்லாக் கோப்பியும் நல்ல பிள்ளை. புளிச்சாக்கு வாசமும் மண்ணும் தலைகாட்டுவது உடல்சூட்டுக்கு வந்தபிறகு. அறைவெப்பம் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

தேயிலை மேசைக்கும் கோப்பி மேசைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஒரே லொட்டுக்கு ஐந்து கோப்பை வைப்பது. இது சடங்கல்ல; இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வறுத்த கொட்டை ஒன்று ஏறத்தாழ 0.13, 0.14 கிராம். ஒரு கோப்பைக்கு அறுபது கொட்டை. ஐந்து கோப்பைக்கு முந்நூறு. மருந்து வாசம் வீசும் கெட்ட கொட்டை ஒன்று போதும், ஒரு முழுக் கோப்பையைக் கெடுக்க. பிரேசிலில் ரியோ சுவை என்று பேர்பெற்ற இந்த மருந்து வாசத்துக்குப் பின்னாலிருக்கும் வேதிப்பொருளை மூக்கு மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். சரி, லொட்டில் நூறு கொட்டைக்கு ஒன்று இப்படி இருந்தால் ஐந்து கோப்பையில் ஒன்றாவது கெட்டுத் தெரிய 95 வீத வாய்ப்பு உண்டு. ஐந்நூறுக்கு ஒன்று என்றால் வாய்ப்பு 45 வீதமாக இறங்குகிறது. நாணயம் சுண்டுவதைவிடச் சற்று மோசம். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 26 வீதம்.

ஐந்நூறுக்கு ஒன்று என்பது சின்ன விஷயமில்லை. அறுபது கொட்டைக் கோப்பை ஒவ்வொன்றையும் ஒரு வாடிக்கையாளராக எண்ணினால், எட்டொன்பது பேரில் ஒருவர் ஆஸ்பத்திரி வாசமுள்ள கோப்பி குடிப்பார். அப்படிப்பட்ட லொட், நன்றாக நடத்தப்பட்ட ஒரு கப்பிங்கைப் பாதிக்கு மேற்பட்ட தடவை தாண்டிப் போய்விடுகிறது. ‘ஐந்து கோப்பையும் சுத்தம்’ என்ற ஒருநாள் தீர்ப்பின் பெறுமதி இவ்வளவுதான். அடுத்த நாள் இன்னும் ஐந்து, பிறகு இன்னும் ஐந்து என்று பதினைந்து கோப்பை வைத்தால் அந்த 45 வீதம் 83 ஆகும். பணம் பெரிதாகப் போகும் லொட்டுக்கு இந்தப் பதினைந்து கோப்பை செலவல்ல. மொத்தத்தில் 125 கிராம் வறுத்த கோப்பிதான்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டையைத் தனியாக நிறுத்து, தனியாக அரைக்க வேண்டும். நாற்பது கிராமை ஒன்றாக அரைத்து ஐந்தாகப் பங்கிட்டால் அந்த ஒரு கெட்ட கொட்டை ஐந்திலும் கரைந்து எதிலும் தெளிவாகத் தெரியாது. ஐந்து கோப்பை ஒரே கோப்பையாகிவிடும். அவசரத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் குறுக்குவழி இதுதான். லொட் மாறும்போது அடுத்த லொட்டில் ஐந்தாறு கிராமை முதலில் அரைத்துக் கொட்டிவிடுவதும் இதே காரணத்துக்காக. சந்தேகமான லொட்டைக் கடைசியில் அரைத்து, கடைசியில் சுவைக்க வேண்டும். அதற்குப் பயன்படுத்திய கரண்டி மற்றக் கோப்பைக்குத் திரும்பக்கூடாது.

கெடுதல் இல்லை என்று ஓரளவு தெளிந்த பிறகுதான் புள்ளிக்கு வருகிறோம். நூறுக்கு எண்பது வாங்கினால் ஸ்பெஷல்டி என்ற அளவுகோல் 2004இலிருந்து புழங்குகிறது. 2023 முதல் ஸ்பெஷல்டி கோப்பிச் சங்கம் வேறு படிவங்களை முன்வைத்து, கோப்பியில் என்ன இருக்கிறது என்ற விவரிப்பையும் அது எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்ற மதிப்பீட்டையும் இரண்டு தாளாகப் பிரித்துவிட்டது. இது நல்ல காரியம். பழைய தாளில் இரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்துகிடந்தன. ஆனால் தனியாக ஒரு மேசையில் நிற்பவருக்கு எந்தத் தாள் என்பதைவிடத் தன் நாக்கு எவ்வளவு தள்ளாடுகிறது என்பதை அறிவதே முக்கியம். அதற்கு எளிய வழி, ஒரே லொட்டை இரண்டு இலக்கத்தில் மேசையில் வைப்பது. கோப்பைகளுக்கு அடியில் இலக்கத்தை ஒட்டி, இடத்தை மாற்றி வைக்க வீட்டில் வேறு யாரையாவது கேட்கலாம். 3ஆம் இலக்கத்துக்கு 83, 7ஆம் இலக்கத்துக்கு 81 போட்டுவிட்டு, இரண்டும் ஒரே கோப்பி என்று தெரியவந்தால், அன்றைய மேசையில் இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குப் பொருளில்லை என்று தெரிகிறது. அந்த நாளில் 82ஐ ஒதுக்கி 83ஐ வாங்குவது நாணயம் சுண்டுவதுதான். இதோடு ஒவ்வொரு மேசையிலும் நன்றாகத் தெரிந்த ஒரே கோப்பியை, உறைகுளிரில் மூடிவைத்த பச்சைக் கொட்டையிலிருந்து வறுத்து, ஓர் ஓரத்தில் வைப்பது நல்லது. அது இன்று வழக்கத்தைவிடப் புளிப்பாகத் தெரிந்தால் மாறியது நீரோ வறுவலோ நாக்கோதான்; லொட்டுகளைக் குறை சொல்லத் தேவையில்லை.

ஒரு கணக்குக்கு இரண்டு லொட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கே. முதலாவது, எல்கடுவ சுற்றுவட்டார வீடுகளில் சேர்த்த, பழத்தோடு உலர்த்திய அரபிக்கா, பச்சைக் கொட்டை கிலோ 1,800 ரூபாய், ஈரம் 12.5 வீதம். இரண்டாவது, ஒரே விவசாயி தோலுரித்துக் கழுவி உலர்த்திய லக்பரகும், கிலோ 2,200, ஈரம் 11. முதலாவதில் ஆறு சாக்கில் ஒன்று பரண் புகை மணத்தது. அதை ஒதுக்கினால் மற்ற ஐந்தும் மூன்று மேசையிலும் சுத்தம். ஆனால் வறுத்த நூறு கிராமில் வெளிறிய கொட்டை பதினொன்று. இரண்டாவதில் ஒன்று.

முதலாவதில் பொறுக்கலுக்கு எட்டு வீதமும் வறுவலில் 16 வீதமும் போனால், ஒரு கிலோ பச்சைக் கொட்டையிலிருந்து விற்கக் கூடியது 773 கிராம். வறுத்த கிலோவுக்கு 2,329 ரூபாய் ஆகிறது. பொறுக்கும் கூலி கிலோவுக்கு ஐம்பது அறுபது ரூபாய் சேர்த்தால் 2,385 வரும். இரண்டாவதில் ஒன்றரை வீதமும் பதினான்கரை வீதமும் போனால் மிஞ்சுவது 842 கிராம். வறுத்த கிலோ 2,613. பச்சையில் 400 ரூபாயாக இருந்த இடைவெளி வறுத்தபின் 230க்குக் கீழே வந்துவிட்டது. புள்ளியில் இரண்டாவது 84, முதலாவது 81.

இப்போது கேட்க வேண்டியது எது நல்லது என்பதல்ல. எதற்கு வேண்டும் என்பது. பால் கலந்து சீனி போட்டுக் குடிக்கும் வாடிக்கையாளருக்கு நடுத்தரத்துக்கு மேலான வறுவலில் தூளாக விற்பதற்கென்றால் கப்பிங் மேசையின் மூன்று புள்ளி அங்கே போய்ச் சேருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். விற்கப்போகும் பதத்துக்கு இரண்டையும் வறுத்து, பால் ஊற்றி, மூன்று கோப்பை வையுங்கள். இரண்டு கோப்பையில் ஒரு லொட், ஒன்றில் மற்ற லொட். வேறுபட்ட கோப்பை எது என்று ஒருவரைக் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும். எட்டுத் தடவையில் ஆறு சரியென்றால் அது குருட்டாம்போக்காக இருக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்புத்தான். வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்குதான் சரியென்றால் பாலுக்காக அந்த 230 ரூபாயைக் கொடுக்க நான் தயங்குவேன். வடித்துப் பாலில்லாமல் குடிப்பவருக்கான பைக்கு இரண்டாவதை யோசிக்காமல் எடுப்பேன். முதலாவதின் புகைச் சாக்கை எந்த விலைக்கும் எடுக்கமாட்டேன். மற்ற ஐந்துக்கும் விலை பேசும்போது அந்தப் பதினொரு வெளிறிய கொட்டையைத் தட்டில் வைத்துக் காட்டுவேன்.

ரொபஸ்டாவுக்கு இதே மேசை அப்படியே பொருந்தாது. தரமான ரொபஸ்டாவைச் சுவைக்க 150 மில்லிலீற்றருக்கு 8.75 கிராம் என்ற வேறு அளவும், புளிப்புக்கும் உப்புக்கும், கசப்புக்கும் இனிப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் வேறு படிவமும் உண்டு. அரபிக்காப் படிவத்தில் போட்டு ‘புளிப்பில்லை’ என்று புள்ளியைக் குறைத்தால் மாத்தளை ரொபஸ்டாவுக்கு அநீதி. ஆனால் கெட்ட கோப்பையைத் தேடும் பகுதி அதற்கும் இதற்கும் ஒன்றே.

காலமும் ஒரு சிக்கல். உலர்த்தி முடித்த கையோடு உமி நீக்கிக் கொண்டுவரும் மாதிரி பெரும்பாலும் புல் வாசமும் முரட்டுத்தனமுமாக இருக்கும். ஓட்டோடு ஒன்றிரண்டு மாதம் ஓய்வெடுத்தபின் அதே கோப்பி அடங்கி இனிக்கும். அதனால் புது அறுவடை மாதிரியைப் புல் வாசத்துக்காக மட்டும் நிராகரிப்பது தவறு; ஆறு வாரம் கழித்துத் திரும்பச் சுவைக்கலாம். மறுபக்கமும் உண்டு. மாதிரி வந்தபோது மணந்த கோப்பி, விற்பவரின் ஈரக் களஞ்சியத்தில் நான்கு மாதம் கிடந்து, சாக்கு வாசத்தோடு உங்கள் வாசலுக்கு வரலாம். பூஞ்சணமும் மருந்து வாசமும் மட்டும் எந்த ஓய்விலும் போவதில்லை.

எனவே வாங்கும் பேச்சில் ‘வந்திறங்கும் கோப்பி மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும்’ என்பது வாய்ப்பேச்சாகவேனும் இருக்க வேண்டும். இருபது சாக்குக்கு மேலென்றால் எழுத்தில். ஒத்திருக்கிறதா என்று பார்க்க முதல் மாதிரியில் இருநூறு கிராமைக் காற்றுப்புகாத பையில், தேதியும் சாக்கு இலக்கமும் எழுதி, உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும். லொட் வந்த அன்றே எல்லாச் சாக்கையும் குத்தி மணந்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே பதத்துக்கு வறுத்து, மறுநாள் அதே மூன்று கோப்பைச் சோதனையை எட்டுத் தடவை செய்யலாம். காசைக் கொடுத்து முடிப்பதற்கு முன் இதைச் செய்யும்படி கொடுக்கல்வாங்கலை அமைத்துக்கொள்வது விற்பவருக்கும் நல்லது; சண்டை வந்தால் இரண்டு பேரும் குடித்துப் பார்க்க அந்தப் பை இருக்கும்.